காரணம் கேட்காத தவணை

எங்கள் ஷட்டில் கிளப்பின் அறிவிப்புப் பலகையில் 2022 மார்ச்சில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. அதிகம் போனால் ஏழு வரி இருக்கும். "மேற்படி சங்க உறுப்பினர்களுக்கு" என்று ஆரம்பித்து, விலைவாசி உயர்வைக் கருத்தில் கொண்டு ஆண்டுச் சந்தா ரூ. 7,200-லிருந்து ரூ. 9,600 ஆக உயர்த்தப்பட்டுள்ளது என்றது. கடைசி வரி இப்படி இருந்தது: "தவணை முறையில் செலுத்த விரும்புவோர் உரிய காரணங்களுடன் செயலாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும்."

ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. "பாருங்க, யாருக்கும் கஷ்டம் இல்ல" என்றார் அப்போதைய செயலாளர். அந்த வருஷம் ஏழு பேர் கிளப்பை விட்டுப் போனார்கள். ஒருவருக்கு வேலை மாற்றம், ஒருவருக்கு வீடு மாற்றம், மற்றவர்களுக்கு நேரமில்லை. காலை ஐந்தரை மணி செட்டில் பத்து வருஷமாக என்னோடு ஜோடி சேர்ந்து ஆடிய அண்ணன், முழங்கால் வலி என்றார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வலையோரம் அவர் நின்றால் எதிராளி டிராப் போடவே யோசிப்பான். "வயசாச்சு தம்பி, மூட்டு ஒத்துக்கல" என்று சொன்னார். நானும் நம்பினேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் தெரு வழியாகப் போனேன். கரண்ட் கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் குறுக்கே கயிறு கட்டி, பேரனோடு நைலான் காக்கில் ஆடிக்கொண்டிருந்தார். பின்னால் துள்ளி ஸ்மாஷ் அடித்தார். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. என்னைப் பார்த்ததும் பேட்டைக் கீழே இறக்கினார். நான் வண்டியை நிறுத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நிறுத்தியிருக்க வேண்டும் என்று இப்போதும் நினைப்பதுண்டு. நிறுத்தி என்ன கேட்டிருப்பேன் என்பதும் தெரியவில்லை.

மாதாமாதம் ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு மாதம் 800 ரூபாய் பெரிய விஷயமில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒரே நாளில் 9,600 என்பதுதான் பெரிய விஷயம். அதற்குத் தவணை உண்டு என்றுதான் அந்தத் தாளும் சொன்னது. ஆனால் உரிய காரணங்களுடன் எழுத வேண்டும். அதை எங்களில் ஏழு பேர் கமிட்டி மேஜையில் வைத்துப் படிப்பார்கள். நாளைக் காலையில் அந்த ஏழு பேரோடுதான் ஆட வேண்டும்.

மூன்று வருஷம் கழித்து அதே கடிதத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பொருளாளர் பதவிக்கு யாரும் வராததால் கணக்கு வாத்தியார் என்ற ஒரே தகுதியில் என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

கிளப் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், உள்ளே மேட் விரித்த இரண்டு கோர்ட், 48 உறுப்பினர்கள். பழைய ஆட்கள் இங்கே திறந்தவெளியில் மஞ்சள் கம்பளிப் பந்தில் பூப்பந்து ஆடியவர்கள். ஷெட் வந்த பிறகுதான் இறகுப்பந்து வந்தது. சந்தாவிலேயே காக்கும் அடக்கம். யாரும் தனியாக வாங்கி வர வேண்டியதில்லை. அதுதான் எங்கள் பெருமை, அதுவே எங்கள் பிரச்சினையும்.

2025-இல் பத்திரிகைகளிலேயே வந்துவிட்டது, இறகுப்பந்துக்கு இறகு கிடைக்கவில்லை என்று. ஒரு காக்கில் 16 இறகுகள் இருக்கும். வாத்து அல்லது பெருவாத்தின் சிறகு இறகு. எல்லாம் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வந்திருக்க வேண்டும், வலமும் இடமும் கலந்தால் காக் ஒழுங்காகச் சுழலாது. ஒரு சிறகில் தேறுவது சில இறகுகளே. ஆக, ஒரு காக்குக்கு ஒரு பறவை போதாது. இறகு பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. அங்கே ஜனங்கள் வாத்துக்கறி சாப்பிடுவது குறைந்து, வளர்ப்பவர்கள் பன்றிப் பக்கம் போய்விட்டார்கள் என்றது செய்தி. இறகுக்காக யாரும் வாத்து வளர்ப்பதில்லை. கறிக்கு வளர்த்ததில் மிஞ்சுவதுதான் இறகு. எங்கோ ஒருவர் இரவுச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டதற்கு எங்கள் ஊரில் சந்தா ஏறுகிறது என்று கடிதத்தில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

திருச்சியில் நாங்கள் வாங்கும் மொத்த வியாபாரி 750 ரூபாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்த பேரலை, அந்த பிப்ரவரியில் 1,350 என்றார். பேரலுக்கு 12 காக். எங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பேரல் போகும். மழை, பண்டிகை, சாவு எல்லாம் கழித்து வருஷத்துக்கு 310 நாள் ஆட்டம். முன்பு காக்குக்கு மட்டும் 2,32,500 ஆனது. இனி 4,18,500. இதோடு கரண்ட் 72,000. ஷெட்டைத் திறந்து மேட்டைத் துடைத்துப் பூட்டும் வாட்ச்மேனுக்கு மாதம் ஆயிரம் ஏற்றி 1,20,000. நிலவாடகை 24,000. மேட் மாற்றுவதற்கென்று ஒதுக்குவது 30,000. கூட்டினால் 6,64,500 வருகிறது. 48 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 13,844. கமிட்டி அதை 14,400 என்று முடிவு செய்தது, அதாவது மாதத்துக்கு 1,200. ஜி.எஸ்.டி. தனியாகப் போட வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். நம் வருமானம் வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள்தான், பதிவே தேவையில்லை என்று ஆடிட்டர் சொன்னதால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

தலைக்கு 556 ரூபாய் கூடுதலாக வைத்தது ஏன் என்று நானே எனக்குக் கேட்டுக்கொண்டேன். இரண்டு பேர் போனால் ஈடுகட்ட, அவ்வளவுதான். ஆறு பேர் போனால்? வருமானம் 6,04,800. செலவு எவ்வளவு குறையும்? இங்கேதான் 2022-இன் கணக்கு தப்பாகப் போயிருந்தது. ஆள் போனால் காக் செலவும் அந்த விகிதத்தில் குறையும் என்று நினைத்தார்கள். குறையவில்லை. சந்தா ஏறும்போது விட்டுப் போகிறவர் வாரத்துக்கு மூன்று நாள் வந்து ஒரு கேம் ஆடிவிட்டுப் பேப்பர் படிக்கிறவர். தினமும் ஆறு கேம் ஆடி, இறகு லேசாகப் பிரிந்தாலே "மாத்து" என்று கத்துகிற இளவட்டம் போகவே போகாது. ஆகக் குறைவாகச் செலவு வைக்கிறவர்தான் முதலில் போகிறார். அவரால் வரும் பணம் நின்றுவிடும், அவரால் ஆகும் செலவு ஏற்கனவே சொற்பம். மிச்சமிருப்பவர் தலையில் அது ஏறும். அடுத்த வருஷம் இன்னொரு கடிதம் எழுத வேண்டியதுதான். கண்டக்டர் அண்ணனைத் திரும்பக் கொண்டுவரும் ஆசை எனக்கு இருந்தது உண்மை. ஆனால் கமிட்டியில் அதைச் சொல்லவில்லை. இந்தக் கணக்கைத்தான் சொன்னேன்.

அதற்கும் எதிர்ப்பு வந்தது. "தவணைன்னு ஆரம்பிச்சா எல்லாரும் அதையே கேப்பான். ஏப்ரல்ல கையில காசு இல்லாம காக் எப்படி வாங்குறது?" என்றார் நகைக்கடை வைத்திருக்கும் துணைத்தலைவர். நியாயமான கேள்வி. ஒருவேளை 48 பேரும் மாதத் தவணை கேட்டால் ஏப்ரலில் வருவது 57,600 மட்டுமே.

அதற்கான பதில் காக்கிலேயே இருந்தது. ஒரு வருஷச் சரக்கை நாங்கள் எப்படியும் வாங்கி வைக்க முடியாது. சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் இறகு காய்ந்து முறுகிவிடும். முறுகிய காக் இரண்டு ஸ்மாஷில் உடையும். ஆடுவதற்கு முன் பேரலைக் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் காட்டுகிறோமே, அது இறகுக்குக் கொஞ்சம் ஈரம் ஏற்றத்தான். அதோடு வேகம் வேறு. சூடான காற்றில் காக் வேகமாகப் பறந்து கோட்டைத் தாண்டும். அதனால் கோடையில் 76-ஆம் நம்பர் வாங்குகிறோம், மார்கழியில் 77. ஏப்ரலிலேயே வருஷம் முழுவதற்கும் வாங்கினால் பாதி காக் தப்பான பருவத்தில் கையில் இருக்கும். ஆகவே மூன்று மாதத்துக்கு 78 பேரல் என்றுதான் வாங்குவோம். அதற்கு 1,05,300 வேண்டும். மற்ற மாதச் செலவு ஒரு 18,000. எல்லோருமே மாதத் தவணை கேட்டால்கூடத் துண்டு விழுவது 65,000-க்கு மேல் கொஞ்சம். மேட்டுக்கென்று போட்ட பிக்சட் டெபாசிட் அதைத் தாங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்குகிற கிளப்புக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் வந்தால் போதும். வருஷப் பணத்தை ஒரே நாளில் வாங்கியே ஆக வேண்டும் என்பது வெறும் வழக்கம்.

துணைத்தலைவர் யோசித்துவிட்டு, "சரி, மொத்தமா கட்டுறவனுக்கு அஞ்சு பர்சன்ட் தள்ளுபடியாவது குடுப்போம்" என்றார். அஞ்சு சதவீதம் என்றால் 720 ரூபாய். இருபது பேர் அப்படிக் கட்டினால் 14,400, அதாவது ஒரு ஆளின் முழுச் சந்தா. அதை யார் கொடுப்பது? தவணை கட்டுகிறவர்தான். ஒரே நாளில் 14,400 எடுக்க முடிகிறவருக்கு, எடுக்க முடியாதவர் மானியம் கொடுப்பது போல ஆகிவிடும். "அப்ப மொத்தமா கட்டுறவனுக்கு என்னதான் லாபம்?" என்று கேட்டார். "மறுபடி நான் உங்களுக்குப் போன் பண்ண மாட்டேன்" என்றேன். சிரித்துவிட்டார்.

முதல் வரைவு எழுதினேன். எழுதி முடித்துப் படித்தால் 2022 கடிதத்தின் அண்ணன் தம்பி போல இருந்தது. "உயர்த்தப்பட்டுள்ளது" என்றே எழுதியிருந்தேன். தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தலைவர் பேனாவால் அதை அடித்தார். "நாம ரெஜிஸ்டர்டு சங்கம். பைலாபடி சந்தாவை நிர்ணயிக்கிறது பொதுக்குழு. கமிட்டி பரிந்துரைதான் செய்யலாம். 21 நாள் முன்னாடி அஜெண்டாவோட நோட்டீஸ் போகணும். 2022-ல கூட்டத்துக்கு முன்னாடியே 'உயர்த்தப்பட்டுள்ளது'ன்னு ஒட்டுனதுல யாராவது கேட்டிருந்தா மாட்டியிருப்போம்" என்றார். ஆக அது "உயர்த்தப் பரிந்துரைக்கிறோம்" என்று ஆனது. ஒரு வார்த்தைதான். ஆனால் படிப்பவருக்கு, தன் கையில் ஓட்டு இருக்கிறது என்று அது சொல்கிறது.

இன்னொரு வரியும் எழுதியிருந்தேன். கூடுதலாகக் கேட்பது வருஷத்துக்கு 4,800. 365-ஆல் வகுத்தால் 13 ரூபாய். "நாளொன்றுக்கு ஒரு டீயின் விலைதான்!" என்று ஆச்சரியக்குறியோடு போட்டிருந்தேன். ரொம்பப் பிடித்த வரி அது.

அந்த வரைவை எடுத்துக்கொண்டு கண்டக்டர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் உறுப்பினர் இல்லை. அவரிடம் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. "ஒரு கணக்கு சரியா இருக்கான்னு பாருங்கண்ணே" என்று சாக்குச் சொன்னேன். முப்பது வருஷம் டிக்கெட் பையில் சில்லறை எண்ணியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வரிமேல் வைத்துப் படித்தார். டீ வந்தது. அவர் குடிக்கவில்லை.

"இந்த டீ வரிய எடுத்துரு" என்றார்.

"ஏண்ணே?"

"டீ காசுதானன்னு சொன்னா, அத குடுக்க முடியாதவன் என்ன சொல்லுவான்? பஸ்ல ரெண்டு ரூவா சில்லறைதானன்னு சொல்றவன் மேல எனக்கு வர்ற கோவம் உனக்குத் தெரியாது. வருசத்துக்கு நாலாயிரத்து எண்ணூறு கூடுது. அத அப்படியே எழுது."

அப்புறம் தவணைப் பகுதிக்கு வந்தார். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி. ஒவ்வொன்றிலும் ஒன்றாம் தேதி என்று போட்டிருந்தேன். ஒன்றாம் தேதியை 10 ஆக்கச் சொன்னார். சம்பளம், பென்ஷன், கடை வாடகை வசூல் எது வந்தாலும் பத்துக்குள் வந்துவிடும் என்றார். மாதத் தவணையைப் பார்த்து, "ஜூன்ல எவனும் கட்ட மாட்டான். பள்ளிக்கூடம் திறக்குற மாசம். ஜூன் தவணைய ஜூலையில சேத்துக் கட்டலாம்னு இப்பவே போட்டுரு. நீ போடலன்னாலும் அவன் அப்படித்தான் செய்வான். போட்டுட்டா, பாக்கி வெச்சவன்னு ஆகமாட்டான்" என்றார். கணக்கு வாத்தியாரான எனக்கு 14,400-ஐப் பன்னிரண்டால் வகுக்க மட்டுமே தெரிந்திருந்தது.

பழைய கடிதத்தைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. முழங்கால் பற்றியும் பேச்சு வரவில்லை. எழும்போது, "நடுவுல ஒருத்தன் நின்னா என்ன செய்வ, அத எழுதலயே?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு விடை தேட ஒரு வாரம் ஆனது. எங்கள் பைலாவில் கட்டிய சந்தா திரும்பத் தரப்படாது. அப்படியானால் மொத்தமாகக் கட்டிவிட்டு ஜூலையில் ஊர் மாறிப் போகிறவர் 14,400 இழப்பார். தவணைக்காரர் அதே ஜூலையில் போனால் 3,600 மட்டுமே கொடுத்திருப்பார். மொத்தமாகக் கட்டுகிறவருக்குத் தள்ளுபடி மறுத்த நானே, அவரை ஏமாற்றியதாகிவிடும். கடைசியில், யாராக இருந்தாலும் தொடங்கிய காலாண்டு வரைக்கும் மட்டும் பொறுப்பு, மொத்தமாகக் கட்டியவருக்கு மிச்சமுள்ள முழுக் காலாண்டுகளின் தொகை திரும்பத் தரப்படும் என்று வைத்தோம். அதற்குப் பைலாவில் ஒரு விதியைத் திருத்த வேண்டியிருந்ததால் அதே பொதுக்குழுவில் தனித் தீர்மானமாகக் கொண்டுவந்தோம். தலைவருக்கு அதில் ஏகக் குஷி, தீர்மானம் வரைவது என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம்.

கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. பலகையில் ஒட்டவில்லை, 48 உறைகளில் போட்டு வீட்டுக்கு அனுப்பினோம். விலை ஏறிய ரசீது இரண்டின் நகலையும் வைத்தோம். செலவுக் கணக்கு ஆறு வரி. கீழே வெட்டித் தரும் சீட்டு. அதில் மூன்று கட்டங்கள்: ஒரே தடவை 14,400, நான்கு தவணை, தலா 3,600, பன்னிரண்டு தவணை, தலா 1,200. அதற்குக் கீழே நான் எழுதியது இவ்வளவுதான்: "மூன்றில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். மூன்றிலும் மொத்தத் தொகை ஒன்றே. காரணம் குறிப்பிடத் தேவையில்லை. எதையும் குறிக்காமல் சீட்டைத் தந்தால் நான்கு தவணை என்று எடுத்துக்கொள்வோம். தேதி தவறினால் 15 நாள் பொறுத்துப் பொருளாளர் போனில் பேசுவார். பாக்கிப் பட்டியல் பலகையில் ஒட்டப்படாது."

நான்கு தவணையை வழக்கமாக வைத்ததுதான் கமிட்டியில் கடைசிச் சண்டை. வழக்கம் மொத்தமாகக் கட்டுவது, தவணை விதிவிலக்கு என்று இருந்தால், தவணை கேட்கிறவர் தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். வழக்கமே தவணை என்றால் அவர் சும்மா இருந்தால் போதும்.

பொதுக்குழுவில் ஒன்றரை மணி நேரம் பேச்சு. நைலானுக்கு மாறலாம் என்று ஒரு கட்சி. நைலான் மலிவு, பல கேம் தாங்கும். ஆனால் அடித்ததும் சட்டென்று வேகம் குறைந்து விழுகிற இறகின் குணம் அதில் இல்லை. பழகிய கைக்கு எல்லாம் வெளியே போகும். காலை முதல் செட்டில் பழகுகிறவர்கள் மட்டும் நைலானில் ஆடுவது என்று முடிந்தது. முதியோர் சலுகை என்று ஒருவர் எழுப்பினார். முதியோரே வேண்டாம் என்றுவிட்டார்கள். ஓட்டெடுப்பில் எதிர்த்தவர்கள் நான்கு பேர்.

46 சீட்டுகள் வந்தன. ஒருவர் கோவைக்குப் போகிறார். இன்னொருவர், "எனக்கு இது கட்டுப்படியாகாது சார்" என்று நேராக வந்து சொன்னார். அதை அவர் சொன்ன விதத்தில் எனக்கு வருத்தமும் இருந்தது, ஏதோ நிம்மதியும் இருந்தது. மொத்தமாகக் கட்டியவர்கள் 16 பேர். நான்கு தவணை 18, பன்னிரண்டு தவணை 12. பன்னிரண்டில் ஒருவர் நகைக்கடைத் துணைத்தலைவர். "மாசாமாசம் போனா தெரியாது" என்றார். ஏப்ரலில் கைக்கு வந்தது 3,09,600. பயந்ததற்குப் பக்கத்தில்கூட இல்லை. வருஷத்துக்கு 2,100 ரூபாய் மட்டும் குறைகிறது.

எல்லாம் சீராகப் போனது என்று சொல்ல முடியாது. மாதத் தவணைக்காரர்களில் மூன்று பேர் செப்டம்பருக்குள் பின்தங்கினார்கள். போன் செய்வது எனக்குக் கூச்சமாக இருந்தது. பலகையில் பெயரை ஒட்டுவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு பேர் கட்டிவிட்டார்கள். ஒருவர் போனை எடுப்பதில்லை, ஆனால் தினமும் வந்து ஆடுகிறார். ஆடும்போது கேட்கவும் முடியவில்லை, அவர் என் ஜோடி.

ஜனவரி பத்தாம் தேதி காலை கண்டக்டர் அண்ணன் ஷெட் வாசலில் நின்றார். பழைய பேட்டுக்குப் புது கிரிப் சுற்றியிருந்தது. சட்டைப்பையிலிருந்து 3,600-ஐ எடுத்து எண்ணி நீட்டினார். வாங்கிப் பைக்குள் வைக்கப் போனேன்.

"ரசீது?" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். கார்பன் நகலில் தொகை சரியாக விழுந்திருக்கிறதா என்று ரசீதுப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்றைக்குத்தான் திருச்சியிலிருந்து புதுச் சரக்கு வந்திருந்தது. பில்லில் பேரல் 1,480 என்று போட்டிருந்தது.